எந்த அட்டையைத் திருப்ப வேண்டும்?

பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் ஒரு புதிரை வெளியிட்டார். மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். கண்ணுக்குத் தெரிபவை ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7. “ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால், மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்” என்பது விதி. அது உண்மையா என்று அறிய எவற்றைத் திருப்ப வேண்டும்?

பலர் உயிரெழுத்தையும் 4-ஐயும் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலாவது சரி. ஆனால் 4-இன் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி உடையாது. மெய்யெழுத்துக்குப் பின்னால் இரட்டை எண் வரக்கூடாது என்று விதி சொல்லவேயில்லை. 4-ஐத் திருப்புபவர் “இரட்டை எண் இருந்தால் உயிரெழுத்து இருக்கும்” என்ற மறுதலையைச் சோதிக்கிறார். அது வேறொரு கூற்று.

திருப்ப வேண்டிய மற்றொன்று 7. அதன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி அங்கேயே பொய்த்துவிடும். “இரட்டை எண் இல்லாவிட்டால் உயிரெழுத்தும் இல்லை” என்ற நேர்மாறு கூற்று சொல்வது இதைத்தான்.

மூலக் கூற்றைப் பொய்யாக்குவது ஒரே ஒரு சேர்க்கை: உயிரெழுத்தும் ஒற்றை எண்ணும். நேர்மாறையும் அதே சேர்க்கைதான் பொய்யாக்கும். ஆகவே இரண்டும் சமானம். மறுதலையைப் பொய்யாக்குவதோ மெய்யெழுத்தும் இரட்டை எண்ணும் சேர்ந்த அட்டை. சில கூற்றுகளில் மறுதலையும் உண்மையாக அமையலாம், ஆனால் அதற்குத் தனி நிரூபணம் வேண்டும்.