நாலு நாள் மருந்தும் இரண்டு நாள் மருந்தும்

றிபாம்பிசின் விழுங்கியவரைக் கேட்டு அறிய வேண்டியதில்லை. அடுத்த நாள் அவருடைய சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் சிவந்துவிடும். கண்ணீரிலும் வியர்வையிலும் மெல்லிய செம்மஞ்சள் ஏறும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் காலையில் வீட்டுக்கு வந்து "மூத்திரம் சிவந்ததா?" என்று கேட்டால் வெட்கப்படத் தேவையில்லை, மருந்து வயிற்றுக்குள் போனதா என்று பார்க்க அவரிடம் அதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. இது தெரியாதவர்கள் இரத்தம் போகிறது என்று பயந்து இரண்டாம் வேளையோடு நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் பெட்டியைப் பார்த்து, "இது காசநோய் மருந்தல்லவா, எங்கள் வீட்டில் யாருக்கு அது?" என்று மூடி வைக்கிறார்கள். மருந்து அதுதான். ஆனால் மூளைக் காய்ச்சல் வந்த வீட்டில் அதன் வேலை வேறு: வீட்டாரின் தொண்டையில் சத்தமின்றிக் குடியிருக்கும் கிருமியை அடுத்த பிள்ளைக்குத் தாவும் முன் துடைப்பது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன் பிள்ளைக்கு மூளைக் காய்ச்சல் என்றால், அதாவது மூளையைச் சுற்றிய உறையில் பாக்டீரியா தொற்றினால், முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று ஹிப் என்ற ஹீமோபிலஸ் இன்புளுவென்சா பி வகைக் கிருமி. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள்தான் அதன் இலக்கு. வீட்டில் இன்னொரு சின்னப் பிள்ளை இருந்தால் வாப்பா, உம்மா, மூத்தம்மா என்று எல்லோரும் நாளுக்கு ஒரு வேளை, நாலு நாள் றிபாம்பிசின் விழுங்க வேண்டியிருந்தது. நோய் வராத பெரியவருக்கு எதற்கு என்பார்கள். நோய் வராத பெரியவரின் தொண்டைதான் கிருமியின் தங்குமிடம்.

2008 ஜனவரியில் இலங்கை ஹிப் தடுப்பூசியை ஐந்துகூட்டு ஊசிக்குள் சேர்த்தது: இரண்டாம், நாலாம், ஆறாம் மாதங்களில். சில மாதங்களிலேயே, ஊசிக்குப் பின் சில குழந்தைகள் இறந்த செய்தியால் அது நிறுத்தப்பட்டது. விசாரணைக்குப் பின் 2010இல் திரும்பி வந்தது. இன்று மருத்துவமாதுவின் கிளினிக்கில் பிள்ளையைக் கொண்டுபோகும் உம்மாவுக்கு ஹிப் என்ற பெயரே தெரியாது. தெரியாமல் போனதுதான் அந்த ஊசியின் வெற்றி.

ஆகவே இன்று முதல் கேள்வி, மருந்தை அளக்க எடை எவ்வளவு என்பதல்ல. எந்தக் கிருமி என்பது. முதுகெலும்பில் எடுத்த நீரும் இரத்தமும் அதைச் சொல்லும். வைரஸ் என்றால் வீட்டாருக்கு மருந்தே இல்லை. நியூமோகொக்கஸ் என்றாலும் இல்லை. மெனிங்கோகொக்கஸ் என்றால் வீடு முழுவதும் உடனே, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். இந்தக் கிருமி நம் ஊருக்கு அந்நியமல்ல. 1987இலும் 2000, 2001இலும் ஹஜ் யாத்திரிகரிடையே பரவிப் பல நாடுகளுக்குப் போனது அதுவே. இன்று ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போகிறவர்கள் அதற்கான ஊசி போட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று வயது மகளுக்கு மெனிங்கோகொக்கஸ் என்று ஆஸ்பத்திரியில் உறுதியானது. வீட்டில் 70 கிலோ வாப்பா, ஐந்து மாதக் கர்ப்பிணி உம்மா, எட்டு வயது, 24 கிலோ காக்கா, பதினான்கு மாதம், 9 கிலோ தங்கை, பிரசவத்துக்கு வந்திருக்கும் சாச்சியின் இருபது நாள், 3.2 கிலோ குழந்தை. மருந்து 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, இரண்டு நாள், மொத்தம் நாலு வேளை. வாப்பாவுக்கும் சாச்சிக்கும் வேளைக்கு 600 மில்லிகிராம், அதாவது 300இல் இரண்டு கப்சியூல். பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம்: காக்காவுக்கு 240, தங்கைக்கு 90. ஐந்து மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் உள்ள பாணியில் அவை முறையே 12, 4.5 மில்லிலீற்றர். ஒரு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கிலோவுக்கு 5தான்: 16 மில்லிகிராம், 0.8 மில்லிலீற்றர். தேக்கரண்டியால் இதை அளக்க முடியாது; ஊசியில்லாத சிறிஞ்சுதான் வேண்டும். சில நாடுகளின் வழிகாட்டி ஒரு வயதுவரை இந்த 5ஐயே வைத்திருக்கிறது. ஆகவே ஏழெட்டு மாதப் பிள்ளைக்கு வைத்தியர் எழுதியது பக்கத்து வீட்டுக் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம். குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தால் மருந்துக்கு முன் சொல்ல வேண்டும், இது ஈரலின் வழியாகப் போகும் மருந்து. கர்ப்பிணி உம்மாவுக்கு இது வேண்டாம்; செப்ட்ரையாக்சோன் 250 மில்லிகிராம், ஒரே ஊசி.

அதே வீட்டில் கிருமி ஹிப்பாக இருந்தால் கணக்கு மாறும். நாளுக்கு ஒரு வேளை, நாலு நாள், கிலோவுக்கு 20. காக்காவுக்கு 480, தங்கைக்கு 180, கைக்குழந்தைக்குக் கிலோவுக்கு 10 என்று 32 மில்லிகிராம். வாப்பாவுக்கு அதே 600தான், அதுவே உச்சவரம்பு. வேடிக்கை என்னவென்றால், இரண்டு முறையிலும் வாப்பா மொத்தம் 2,400 மில்லிகிராமே விழுங்குகிறார். காக்காவுக்கோ 960 ஒரு முறை, அதன் இரட்டிப்பு மறுமுறை. பழைய துண்டை எடுத்துப் பிள்ளைக்குப் புதிய மருந்து அளந்தால் தவறு பெரியவரிடம் தெரியாது, பிள்ளையிடம்தான் நடக்கும். ஹிப்புக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: தடுப்பூசி முடிக்காத சின்னப் பிள்ளையோ எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளையோ வீட்டில் இருந்தால்தான் எல்லோருக்கும். இந்த வீட்டில் இருபது நாள் குழந்தை இருப்பதால் எல்லோருக்கும்; கர்ப்பிணி உம்மாவுக்கு மட்டும் றிபாம்பிசின் வேண்டாம்.

வீடு என்பது எது என்பதுதான் நம் பக்கத்தில் சிக்கல். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை எடுக்கும் ஊர். ராத்தாவின் வீடும் தங்கச்சியின் வீடும் ஒரே வளவுக்குள். இரவில் பிள்ளைகள் மூத்தம்மாவின் பாயில் சேர்ந்து கிடப்பார்கள். அன்று மருந்து தேவையானவர்களின் பட்டியல் எழுதுபவர் வளவைச் சுற்றினால் போதும். 2004 சுனாமிக்குப் பின் பல குடும்பங்கள் மாடிக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டன, மூத்தம்மா வேறு மாடியில். ஆனாலும் பிள்ளை வெள்ளிக்கிழமை அங்கேதான் தூங்குகிறது. நோய் தொடங்குவதற்கு முந்திய ஏழு நாளில் அந்தப் பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் தூங்கியவர் யார் என்று கேட்டால் அடுப்புக் கணக்கு தேவைப்படாது. ஆஸ்பத்திரிக்கு வந்து ஸலாம் சொல்லிப் போனவர்களும் மத்ரஸாவில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தவர்களும் பட்டியலில் இல்லை. மருந்து கேட்டு நிற்கும் நம்மவர்களில் பெரும்பாலானவர் இவர்களே. பாயில் கிடந்த சாச்சியின் மகன்தான் மறந்துபோவான்.

சொல்லவேண்டிய இன்னும் ஒன்று இரண்டு. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன். வார்பரின் குடிக்கும் மூத்தவரிடம் இரத்தம் உறைவதைப் பார்க்கும் கணக்கு தவறிவிடும், கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். கருத்தடைக் குளிசை பலமிழக்கும். மருந்து முடிந்து நாலு வாரம் வரை வேறு வழி வேண்டும். மென்வில்லை அணிபவர் கழற்றி வைக்கட்டும், கறை போகாது. படுத்திருக்கும் பிள்ளைக்குப் பென்சிலின் மட்டும் தரப்பட்டிருந்தால், வீடு திரும்பும் முன் அதற்கும் தொண்டை துடைக்கும் மருந்து வேண்டும். செப்ட்ரையாக்சோன் பெற்றிருந்தால் வேண்டாம்.

மருந்து விழுங்கியவர்களில் ஒருவருக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்தாலோ, தோலில் அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் தெரிந்தாலோ, மீதி வேளை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த அளவு தொண்டையைத் துடைக்கும். தொடங்கிவிட்ட நோயை மாற்றாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.