முகம் பார்க்காதவருக்கு ஒரு வாழ்த்து

என் குழுவில் சம்பளக் கணக்கு பார்க்கும் பெண் தென்காசியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். நான் சென்னையில். இரண்டு வருடமாகத் தினமும் பேசுகிறோம், ஆனால் நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவருடைய பிறந்தநாளுக்கு நான் முதலில் தட்டி வைத்தது இது: "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்! நீங்கள் நம் குழுவின் பெரிய பலம். மேலும் பல வெற்றிகள் பெற வாழ்த்துகிறேன்."

பெயரில்லாத இந்த வாழ்த்தைக் குழுவில் யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும். அப்படிப் பொருந்தினால் அது அவருக்கு எழுதியதல்ல. அதை அழித்துவிட்டேன்.

நேரில் பழகியவருக்கு எழுதச் சேர்ந்து குடித்த டீ இருக்கும், கேலி இருக்கும். பார்க்காதவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவருடைய வேலையும் குரலும்தான். இல்லாத நெருக்கத்தைக் காட்டுவதைவிட, கண்ணால் கண்ட ஒரு சம்பவத்தை எழுதுவது மேல். நான் திருத்தி எழுதியது:

"இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். மார்ச் மாதச் சம்பளம் போடுவதற்கு முந்தைய இரவு, 14 பேருக்கு ஓவர்டைம் இரண்டு முறை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்து உடனே போன் செய்தீர்கள். அந்த அழைப்பை நான் மறக்கவில்லை. இன்று வீட்டாரோடு நிம்மதியாக இருங்கள். பதில் எழுத வேண்டும் என்றில்லை."

கடைசி வரியைக் காரணத்தோடுதான் சேர்த்தேன். மேலாளர் அனுப்பும் செய்திக்குப் பதில் போட்டே ஆகவேண்டும் என்ற உறுத்தல் கீழே வேலை செய்பவருக்கு இருக்கும். "ட்ரீட் எப்போது?", "எத்தனை வயசு?" போன்ற கேள்விகளும் அதே சங்கடத்தைத்தான் தரும். வாழ்த்தின் அடியில் "அந்த ரிப்போர்ட் முடிந்ததா?" என்று ஒரு வரி சேர்த்தால், வாழ்த்து முழுவதும் அந்த வரிக்கு முன்னுரையாகிவிடும்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. அலுவலகப் பதிவில் இருப்பது சர்டிபிகேட் தேதி. பள்ளியில் சேர்க்க வயது போதாமல் மாற்றிப் போட்ட தேதி நம்மில் பலருக்கு இருக்கிறது. யெகோவாவின் சாட்சிகள் போலப் பிறந்தநாளே கொண்டாடாதவர்களும் உண்டு. அதனால் வேலையில் சேரும்போதே, "உண்மையான தேதி எது? குழுவில் எல்லாரும் வாழ்த்தலாமா, வேண்டாமா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். இவர் குழுவில் வேண்டாம் என்றிருந்தார். அதனால் தனிச் செய்தியாக, காலை ஒன்பது மணிக்கு அனுப்பினேன். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் அவருடைய ஊர்க் காலையைப் பார்க்க வேண்டும். நம் நள்ளிரவில் டொரன்டோவில் முந்தைய நாள் மதியம்தான்.

பதில் வேண்டாம் என்று எழுதியும் மதியம் ஒரு வரி வந்தது: "அன்னைக்கு ராத்திரி உங்களை எழுப்பலாமா வேண்டாமான்னு அரைமணி நேரம் யோசிச்சேன் சார்."

அந்த அரைமணி நேரம் எனக்கு அதுவரை தெரியாது. அடுத்த நாள் குழுவில் சொன்னேன்: சம்பளத்தில் தவறு கண்டால் எந்த நேரமானாலும் அழையுங்கள்.