50,000 மணி நேரம் என்றால் எத்தனை வருடம்?

டிவி வாங்கப் போகிற இடத்தில் விற்பனையாளர் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "அம்பதாயிரம் மணி நேரம் கேரண்டியா ஓடும் சார்." கேட்பவர் மனக்கணக்குப் போடுவார். தினம் ஐந்து மணி நேரம் பார்த்தால் வருடத்துக்கு 1,825 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் 27 வருடம் வருகிறது. அதே டிவி ஐந்தாம் வருடத்தில் ஒரு மாலை, சத்தம் மட்டும் வந்து படம் வராமல் நின்றுவிட்டால், நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். எண்ணில் பெரிய பொய் இல்லை. அது வேறொரு கேள்விக்கான விடை, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான டிவிகள் எல்சிடி வகை. 'எல்இடி டிவி' என்று பெட்டியில் அச்சிட்டு விற்பதும் இதைத்தான். முன்னால் தெரியும் கண்ணாடிப் பேனலுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அது லட்சக்கணக்கான குட்டிக் கதவுகளைத் திறந்து மூடி, பின்னாலிருந்து வரும் வெள்ளை ஒளியை எங்கே எவ்வளவு விடுவது என்று தீர்மானிக்கிறது. அந்த ஒளியைத் தருவதுதான் பேக்லைட். பேனலுக்குப் பின்னால், தகரத் தட்டின் மேல், எல்இடி விளக்குகள் பதித்த நீளமான பட்டைகள் இருக்கும். மெக்கானிக்குகள் 'ஸ்ட்ரிப்' என்பது இவற்றைத்தான். விலை கூடிய, மிக மெல்லிய சில மாடல்களில் இந்தப் பட்டை திரையின் ஓரத்தில் மட்டும் இருக்கும்.

இந்த எல்இடி ஒவ்வொன்றும் உள்ளுக்குள் நீல விளக்கு. அதன் மேல் பூசியிருக்கும் மஞ்சள் நிற பாஸ்பர் நீல ஒளியில் ஒரு பகுதியை மாற்றித் தருவதால் கலவையாக வெள்ளை வருகிறது. ஓட ஓட நீலச் சில்லு கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் இழக்கும். மேல்மூடியும் பாஸ்பரும் சூட்டில் கெடும். இப்படி ஒளி குறைந்து, புதிதில் இருந்ததில் பாதி ஆவதற்கு ஆகும் நேரத்தைத்தான் பொதுவாக 'ஆயுள்' என்று அறிவிக்கிறார்கள். 50,000 மணி நேரத்தில் விளக்கு அணைந்துவிடும் என்று அர்த்தமில்லை. அதற்குள் அணையாது என்றும் அர்த்தமில்லை.

ஒரே மாடல் டிவி இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று வீட்டு ஹாலில், தினம் 5 மணி நேரம். மற்றொன்று ஓட்டலில், காலை டிபன் முதல் ராத்திரி பரோட்டா வரை 16 மணி நேரம். இரண்டுக்கும் பாதி வெளிச்ச ஆயுள் 50,000 மணி நேரம் என்றும், வெளிச்சம் சீரான விகிதத்தில் தேய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் வருட முடிவில் வீட்டு டிவியில் 97 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் மிச்சம் இருக்கும். ஓட்டல் டிவியில் 92. ஐந்தாம் வருடத்தில் வீட்டில் 88, ஓட்டலில் 67. பத்தாம் வருடத்தில் வீட்டில் 78, ஓட்டலில் 45-க்கும் கீழே. ஓட்டல் டிவி எட்டரை வருடத்தில் பாதியைத் தொட்டுவிடும். வீட்டு டிவிக்கு அந்த நாள் 27 வருடம் தள்ளி இருக்கிறது.

வீட்டில் இருப்பவருக்கு அந்த 78 கண்ணில் படாது. வெளிச்சம் பாதியானால் கண்ணுக்குப் பாதியாகத் தெரிவதில்லை. முக்கால் அளவு இருப்பது போலத்தான் தெரியும். அதிலும் ஒரே நாளில் குறையாமல் வருடக்கணக்கில் மெல்லக் குறைந்தால் சுத்தமாகத் தெரியாது. வெளிச்சத்தை நிட் என்ற அலகில் அளப்பார்கள். சாதாரண விலை டிவி ஒன்று புதிதில் 300 நிட் தருகிறது என்றால், பாதியான பிறகும் 150 தரும். சாதாரண நிகழ்ச்சிகளுக்கு, இருட்டான அறையில் நிறம் சரிபார்க்கும் கலைஞர்கள் வெள்ளைக்கு வைத்துக்கொள்ளும் அளவே 100 நிட்தான். ஆகவே தேய்ந்த டிவி ராத்திரியில் தாராளமாகப் போதும். பகலில், ஜன்னல் திறந்திருக்கும் ஹாலில்தான் "படம் என்னவோ மங்கலா இருக்கே" என்ற பேச்சு கிளம்பும்.

அப்போது நாம் செய்வது ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தைக் கூட்டுவது. அதற்குள் ஒரு சுழல் இருக்கிறது. கூட்டினால் எல்இடி வழியே அதிக மின்னோட்டம் போகும், சூடு ஏறும், தேய்மானம் வேகமெடுக்கும், மறுபடி மங்கும், மறுபடி கூட்டுவோம். மேலே போட்ட கணக்கு ஒரே அளவு மின்னோட்டத்துக்கும் சூட்டுக்கும்தான் பொருந்தும். தினம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதோடு, எந்த அளவில் ஓடுகிறது என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

சரி, 27 வருடம் தேயக்கூடிய டிவி ஏன் ஐந்தாம் வருடத்தில் இருண்டுபோகிறது? காரணம் இணைப்பில் இருக்கிறது. 32 அங்குல டிவி ஒன்றில் மூன்று ஸ்ட்ரிப்பில் இருபது எல்இடி இருப்பதாகக் கொள்வோம். அவற்றைக் கல்யாண வீட்டு சீரியல் செட் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 3 வோல்ட் வீதம் மொத்தம் 60 வோல்ட். ஒரே ஒரு எல்இடியில் உள்ளே இணைப்பு அறுந்தால் போதும், மின்னோட்டம் நின்று இருபதும் அணையும். ஓட்டும் சர்க்யூட் வோல்டேஜை ஏற்றிப் பார்க்கும். எல்லை தாண்டியதும் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் ஆன் செய்தவுடன் ஒரு நொடி வெளிச்சம் வந்து போவது போல இருந்து, பிறகு சத்தம் மட்டும் வருகிறது. ஒவ்வொரு எல்இடியும் ஐந்து வருடம் தாங்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்தாலும், இருபதும் சேர்ந்து தாங்கும் வாய்ப்பு 82 சதவீதம்தான். சராசரி விளக்கின் ஆயுளைச் சொல்லி விற்கிறார்கள். நாம் வாழ்வதோ அந்தக் கோவையில் மிகப் பலவீனமான விளக்கின் ஆயுளோடு.

அந்தப் பலவீனத்தை வளர்ப்பது சூடு. விளக்கின் சூடு ஸ்ட்ரிப் வழியாகப் பின்தட்டுக்குப் போய், அங்கிருந்து காற்றில் கரைய வேண்டும். சுவரோடு ஒட்டி, காற்றுப் புகாத மர அலமாரிக் குழிக்குள் டிவியைப் பதிப்பது பார்க்க அழகு. உள்ளே இருக்கும் எல்இடிக்கு வேதனை. போதாததற்கு, மலிவு விலை டிவிகள் சிலவற்றில் ஸ்ட்ரிப்பைக் குறைத்து, இருக்கிற விளக்குகளுக்கு அதிக மின்னோட்டம் கொடுத்துப் பிரகாசத்தை ஈடுகட்டுகிறார்கள். கடையில் பக்கத்து டிவியை விடப் பளிச்சென்று தெரிய வேண்டுமே!

நம் கையில் இருப்பது பேக்லைட் அளவு. டிவியின் `Vivid` அல்லது `Dynamic` முறைகள் பெரும்பாலும் அதை உச்சத்தில் வைக்கும். `Standard` அல்லது `Movie`-க்கு மாற்றினால் குறையும். தனியாகக் குறைக்கப் போனால் ஒரு குழப்பம் வரும். சில டிவிகளில் `Backlight` என்று தனியாக இருக்கும். அங்கே `Brightness` என்பது கறுப்பின் ஆழத்தை மட்டும் மாற்றும். வேறு சிலவற்றில் `Brightness` என்பதே பேக்லைட். வெள்ளைச் சட்டை போட்ட ஆள் வரும் காட்சியை நிறுத்திவைத்து அளவைக் குறைத்துப் பாருங்கள். சட்டையும் சேர்ந்து நன்றாக மங்கினால் அது பேக்லைட். சட்டை அப்படியே இருந்து நிழல் மட்டும் கறுத்தால் அது இல்லை. வீட்டு ஹாலுக்கு ராத்திரியில் பாதி அளவே போதும். பகலுக்கு வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளலாம்.

மணி நேரத்தைக் குறைக்கவும் ஒரு வழி உண்டு. பல வீடுகளில் காலையில் யூடியூபில் பக்திப் பாடல் ஓடும், யாரும் திரையைப் பார்ப்பதில்லை. இப்போதைய டிவிகள் பலவற்றில் `Picture Off` என்ற வசதி இருக்கிறது: சத்தம் ஓடும், பேக்லைட் அணைந்திருக்கும். தினம் இரண்டு மணி நேரம் இப்படிக் கழிந்தால் வருடத்துக்கு 730 மணி நேரம் மிச்சம். திரை கறுப்பாகத் தெரிந்தாலே பேக்லைட் அணைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சாதாரண டிவிகளில் கறுப்புப் படத்துக்குப் பின்னாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஸ்டாண்ட்பையில் சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும்போது எரியாது.

(ஓஎல்இடி டிவிக்கு இந்தக் கதை பொருந்தாது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே தேய்வதால், சேனல் லோகோ நின்ற இடம் தனியாகத் தேய்ந்து அடையாளம் விழுவதுதான் அங்கே கவலை.)

தேய்மானத்தை வீட்டிலேயே கவனிக்க முடியும். செல்போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, டிவியை அரைமணி நேரம் ஓடவிட்டு, தானாக வெளிச்சம் மாற்றும் வசதிகளை அணைத்து, ராத்திரியில் திரை முழுக்க வெள்ளைப் படம் வைத்து, போனின் சென்சாரைத் திரையின் நடுவில் காட்டி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண் தனியாக நம்பத் தகுந்ததல்ல. அடுத்த வருடம் அதே போன், அதே அமைப்பு, அதே இடம் என்று வைத்து அளந்தால் இரண்டுக்கும் உள்ள விகிதத்தை நம்பலாம். வேறு அடையாளங்களும் உண்டு. திரையில் ஊதாச் சாயல் பரவினால் பாஸ்பர் கெட்டிருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் நிலா போல வட்டப் புள்ளிகள் தெரிந்தால், எல்இடியின் மேல் ஒட்டிய லென்ஸ் சூட்டில் பசை விட்டுக் கழன்றிருக்கிறது.

படம் போய்ச் சத்தம் மட்டும் வந்தால், அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் நகர்வது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, போனது பேக்லைட் பக்கம். "பேனல் போச்சு, புதுசே வாங்கிடுங்க" என்று யாராவது சொல்வதற்கு முன் இதைச் செய்வது நல்லது. பேனல் விலையோடு ஒப்பிட்டால் ஸ்ட்ரிப் விலை சொற்பம். சென்னை ரிச்சி தெருவில் மாடல் எண் சொன்னால் ஸ்ட்ரிப் கிடைக்கும். கண்ணாடிப் பேனலைக் கழற்றித் தூக்கும்போது விரிசல் விழுவதுதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து என்பதால், கைப்பழக்கம் உள்ளவரிடமே கொடுக்க வேண்டும்.

ஒரு ஸ்ட்ரிப் மட்டும் போயிருந்தாலும் மொத்த செட்டையும் மாற்றச் சொல்லுங்கள். புதியதும் தேய்ந்ததும் கலந்தால் திரையில் ஒரு பட்டை பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் தெரியும், பழையவற்றில் அடுத்தது எப்போது அறும் என்றும் சொல்ல முடியாது. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதோடு இன்னொன்றும் செய்வார்கள். எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் சின்ன ரெசிஸ்டர்கள் போர்டில் பக்கம் பக்கமாக இணைந்திருக்கும். அவற்றில் ஒன்றைக் கழற்றிவிட்டால் மின்னோட்டம் குறையும். 'கரண்ட் குறைச்சு விட்டிருக்கேன்' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். திரை புதிதில் இருந்ததை விடச் சற்று மங்கலாகத் திரும்பி வரும். அதை வேலை சரியில்லை என்று எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துச் சண்டை போடுகிறவர்களும் உண்டு.