தலைப்புப் பக்கம் தரும் ஐந்து வரிகள்

ஒரு நூலைப் படம் பிடித்து அதன் விவரங்களைப் பதிவு செய்யும்போது அட்டையைவிடத் தலைப்புப் பக்கத்துக்கே அதிக மதிப்பு. அட்டை, வாங்குபவரின் கண்ணைக் கவர வரையப்படுவது. அதில் தலைப்பு சுருங்கியிருக்கலாம், ஆசிரியர் பெயரில் முதலெழுத்து விடுபட்டிருக்கலாம். பைண்டு செய்த பழைய பிரதிகளில் அட்டையே இருக்காது. இரண்டும் முரண்பட்டால் உள்ளே இருப்பதையே எழுத வேண்டும். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தையும் படம் பிடிப்பது அவசியம். பதிப்பும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் நேரான, நிழல் விழாத பக்கத்தை ஓரளவு நன்றாகப் படிக்கும். அலங்கார எழுத்தில் தடுமாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னை போன்றவற்றின் பழைய வடிவங்களையும் தவறாக வாசிக்கும். ஆகவே கிடைத்த எழுத்தைப் படத்தோடு ஒப்பிட்டு, குறிப்பாகப் பெயர்களையும் எண்களையும், திருத்தியாக வேண்டும்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை: எந்தச் சொல் எந்த வரிக்கு உரியது என்று பிரிப்பது. உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணி முதற் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு. காப்பியத்தை இயற்றியவர் திருத்தக்கதேவர், உரை நச்சினார்க்கினியருடையது, சுவடிகளை ஒப்பிட்டு அச்சேற்றியவர் சாமிநாதையர். அட்டவணையில் ஆசிரியர் என்ற இடத்தில் சாமிநாதையரை மட்டும் போட்டால் காப்பியம் அவருடையதாகிவிடும். அந்தக் காலத்தில் தனிப் பதிப்பகம் இல்லாத நூல்கள் பல. அச்சுக்கூடத்தின் பெயரே கிடைக்கும். அதை அச்சுக்கூடம் என்று குறித்தே எழுதுவது நேர்மை.

தலைப்பு: சீவகசிந்தாமணி, நச்சினார்க்கினியர் உரையுடன்
ஆசிரியர்: திருத்தக்கதேவர், பதிப்பாசிரியர் உ. வே. சாமிநாதையர்
பதிப்பு: [முதற் பதிப்பு]
வெளியீடு: சென்னை, திராவிட ரத்நாகர அச்சுக்கூடம்
ஆண்டு: 1887

ஆண்டு வரிதான் அதிகம் ஏமாற்றும். பழைய நூல்களில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருப்பதுண்டு. சர்வசித்து என்று இருந்தால் அது 1887ஆகவும் இருக்கலாம், அறுபதாண்டுச் சுற்றில் 1827ஆகவோ 1947ஆகவோகூட இருக்கலாம். தாள், எழுத்து வடிவம், அச்சுக்கூடம் ஆகியவை எந்தச் சுற்று என்று சொல்லிவிடும். தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால், 1887இல் பிறந்த சர்வசித்துவின் தை மாதம் 1888இல் விழுகிறது. திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31ஐக் கழிக்க வேண்டும். சக ஆண்டு என்றால் 78ஐக் கூட்ட வேண்டும், ஆண்டின் கடைசி மாதங்களுக்கு 79.

மறு அச்சை மறுபதிப்பாக எழுதிவிடுவதும் வழக்கமான பிழை. உள்ளடக்கம் மாறாமல் மீண்டும் அச்சடித்தது மறு அச்சு. திருத்தியது புதிய பதிப்பு. பின்பக்கத்தில் பல ஆண்டுகள் வரிசையாக இருந்தால், கையிலுள்ள பிரதி எந்தப் பதிப்போ அதன் ஆண்டையே வரியில் போட்டு, மறு அச்சின் ஆண்டைக் குறிப்பில் சேர்க்க வேண்டும். பக்கத்தில் இல்லாமல் வேறு வழியில் தெரிந்துகொண்ட விவரம், மேலே பதிப்பு வரியில் உள்ளதுபோல, சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும்.