பென்சீனை எரித்து எடை போட்டால்

1825-ஆம் ஆண்டு லண்டனில் சில வீடுகளின் விளக்குகளுக்கு எரிவாயு கலன்களில் அடைத்து வந்து சேர்ந்தது. திமிங்கில எண்ணெய் போன்றவற்றைக் கடும் சூட்டில் சிதைத்துக் கிடைத்த வாயு அது. அதை அழுத்திக் கலனில் அடைக்கும்போது அடியில் ஒரு திரவம் தேங்கியது. ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருந்த மைக்கேல் ஃபாரடே அந்தத் திரவத்தை மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்தார். பனிக்கட்டியின் குளிரில் உறைய வைத்தார். உறையாமல் எஞ்சியதைப் பிழிந்து அகற்றினார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது, இன்று பென்சீன் என்று நாம் அழைக்கும் பொருள்.

அது எதனால் ஆனது? அதன் ஆவியைச் சூடான காப்பர் ஆக்சைடின் மேல் செலுத்தி எரித்தார். வெளியே வந்தவை கார்பன் டை ஆக்சைடும் நீரும் மட்டுமே. கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறு எதுவும் இல்லாத பொருள்களை ஹைட்ரோகார்பன் என்கிறோம். அப்படிப்பட்ட ஒன்றை எரித்தால் அதிலுள்ள கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடுக்குள் போய்விடுகிறது. ஹைட்ரஜன் முழுவதும் நீருக்குள் போய்விடுகிறது. ஆகவே அந்த இரண்டையும் சிந்தாமல் சிதறாமல் பிடித்து எடை போட்டால், எரிந்து மறைந்த பொருளில் எது எவ்வளவு இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம்.

பிடிப்பதுதான் கடினமாக இருந்தது. வாயுவின் பருமனை அளந்துகொண்டிருந்த காலம் அது. 1831-இல் ஜெர்மனியின் கீசென் நகரில் யூஸ்டஸ் லீபிக் ஐந்து குமிழ்கள் கொண்ட ஒரு கண்ணாடிக் கருவியை உருவாக்கி, கார்பன் டை ஆக்சைடையும் தராசில் ஏற்றக்கூடிய பொருளாக்கினார். அமெரிக்க வேதியியல் கழகத்தின் சின்னத்தில் அந்தக் குமிழ்க் கருவியை இன்றும் பார்க்கலாம். எரிந்த வாயு முதலில் கால்சியம் குளோரைடு நிரப்பிய குழாய்க்குள் போகும். அங்கே நீராவி மட்டும் தங்கிவிடும். அடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் உள்ள குமிழ்களில் கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சப்படும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. கரைசல் நீராவியையும் சேர்த்தே விழுங்கிவிடும் என்பதால், அது முன்னால் இருந்தால் இரண்டு எடைகளும் ஒன்றாகிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 0.390 கிராம் பென்சீனை எரிக்கிறோம். கால்சியம் குளோரைடுக் குழாயின் எடை 0.270 கிராம் கூடுகிறது; அது நீர். குமிழ்களின் எடை 1.320 கிராம் கூடுகிறது. அது கார்பன் டை ஆக்சைடு. 44 கிராம் கார்பன் டை ஆக்சைடில் 12 கிராம் கார்பன் உண்டு. எனவே 1.320 கிராமில் இருப்பது 0.360 கிராம் கார்பன். 18 கிராம் நீரில் 2 கிராம் ஹைட்ரஜன் உண்டு. எனவே 0.270 கிராமில் இருப்பது 0.030 கிராம் ஹைட்ரஜன்.

அடுத்த அடி வைப்பதற்கு முன் இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 0.360-உம் 0.030-உம் சேர்ந்தால் 0.390. எரித்த பொருளின் எடையும் அதுவே. இந்தக் கூட்டலைத் தவிர்க்கும் மாணவர்கள் பலர். சோதனை சரியாக நடந்ததா என்று சொல்லும் சாட்சியோ அதுதான். காற்றின் ஈரம் குழாய்க்குள் புகுந்திருந்தால் நீரின் எடை 0.288 என்று வரக்கூடும். அப்போது ஹைட்ரஜன் 0.032 ஆகி, கூட்டுத்தொகை எரித்த பொருளையே மிஞ்சும். எரியாத ஒன்று எடையில் சேர்ந்துவிட்டது என்று உடனே புரியும். மாறாக, ஆக்சிஜன் போதாமல் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடாகத் தப்பிப் போனால் கூட்டுத்தொகை குறையும். இந்தக் குறைவுதான் ஆபத்தானது. பொருளிலேயே ஆக்சிஜன் இருந்தாலும் இதே போலத்தான் குறையும் என்பதால், எரிப்பில் வந்த பிழையைப் பொருளின் இயல்பு என்று எண்ணிவிட இடமுண்டு. இன்னும் மிகுதியான ஆக்சிஜனில் மறுபடி எரித்துப் பார்த்தால் எது உண்மை என்று தெரிந்துவிடும்.

இனி எடையை அணுக்களின் எண்ணிக்கையாக மாற்றுவோம். கார்பன் 0.360-ஐ 12-ஆல் வகுத்தால் 0.030 மோல். ஹைட்ரஜன் 0.030-ஐ 1-ஆல் வகுத்தால் அதுவும் 0.030 மோல். ஒன்றுக்கு ஒன்று. ஆகவே எளிய விகித வாய்பாடு CH. எப்போதும் இவ்வளவு நேராக வராது. அந்துருண்டை செய்யப் பயன்பட்டுவந்த நாப்தலீனை எரித்தால் ஹைட்ரஜன் ஒன்றுக்குக் கார்பன் 1.25 என்று வரும். அதை 1 என்று சுருக்கினால் வேறொரு பொருளில் போய் நிற்போம். நான்கால் பெருக்கி C5H4 என்று எழுத வேண்டும்.

ஃபாரடேக்கும் எடைக் கணக்கு சரியாகவே வந்தது: ஹைட்ரஜன் 1 பங்குக்குக் கார்பன் 12 பங்கு. ஆனால் அவர் கையாண்ட அளவில் கார்பன் அணுவின் எடை 6. பன்னிரண்டை ஆறால் வகுத்து, ஒரு ஹைட்ரஜனுக்கு இரண்டு கார்பன் என்று முடிவு செய்தார்; அந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயரிலும் அந்த இரண்டு இருந்தது. சோதனையில் குறையில்லை. அணு எடையைப் பற்றி அன்று வேதியியலாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 1860-இல் கார்ல்ஸ்ரூவில் கூடிப் பேசிய பிறகே அந்தக் குழப்பம் தெளியத் தொடங்கியது.

CH என்பது விகிதம் மட்டுமே. இட்லிக்கு அரிசி நான்கு, உளுந்து ஒன்று என்று சொன்னால் எத்தனை ஆழாக்கு ஊறப்போட்டார்கள் என்று தெரியாது அல்லவா? வெல்டிங் பட்டறையில் எரியும் அசிட்டிலீன் C2H2, பென்சீன் C6H6, தெர்மாகோல் செய்ய உதவும் ஸ்டைரீன் C8H8. மூன்றையும் எரித்தால் வரும் விகிதம் ஒன்றே. எரிப்புச் சோதனையை எத்தனை நுட்பமாகச் செய்தாலும் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்கு மூலக்கூறின் எடை வேண்டும். பிரான்சின் டூமா 1826-இல் காட்டிய வழி எளிமையானது. ஒடுங்கிய கழுத்துள்ள குடுவையில் திரவத்தை விட்டுக் கொதிநீரில் வைத்தால், அதன் ஆவி காற்றை வெளியே தள்ளிவிட்டுக் குடுவையை நிரப்பும். கழுத்தை உருக்கி மூடி, ஆறவைத்து, ஆவியின் எடையைக் கணக்கிடுவார்கள். 200 மில்லிலிட்டர் குடுவையில் 0.515 கிராம் ஆவி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 100 டிகிரி செல்சியஸில், சாதாரணக் காற்றழுத்தத்தில், ஒரு மோல் ஆவி ஏறத்தாழ 30.6 லிட்டர் இடம் பிடிக்கும். அவ்வளவு ஆவியின் எடை 78.8 கிராம் ஆகிறது. ஒரு CH-இன் எடை 13. வகுத்தால் 6.06.

அந்த 0.06 கவலைப்பட வேண்டியதில்லை. அணுக்கள் முழு எண்ணில்தான் இருக்க முடியும். ஆறா, ஏழா என்று தெரிந்தால் போதும். விகிதத்தைத் துல்லியமாகக் கண்டுவிட்ட பிறகு மூலக்கூறு எடையில் சிறு பிசகு இருந்தாலும் விடை மாறாது. C6H6.

ஆனால் விகிதமே கைநழுவும் இடங்களும் உண்டு. C10H22 என்ற டெக்கேனில் கார்பன் 84.4 சதவீதம், அடுத்த உறுப்பான C11H24-இல் 84.5 சதவீதம். இத்தகைய பகுப்பாய்வில் 0.4 சதவீதம் வரை வேறுபாடு வருவதை ஆய்விதழ்கள் ஏற்றுக்கொள்வது வழக்கம். அந்த இடைவெளிக்குள் இரண்டு பொருள்களும் அடங்கிவிடுகின்றன. இங்கே எரிப்பு மட்டும் துணைக்கு வராது. ஒன்றின் மூலக்கூறு எடை 142, மற்றதன் எடை 156 என்று நிறை நிறமாலைமானி காட்டினால்தான் எது எது என்று பிரிக்க முடியும்.