ஆவி வராத முட்டை வேகவைப்பான்

மின்சார முட்டை வேகவைப்பானில் தண்ணீர் இருக்கும்போதே விளக்கு அணைந்து ஆவி நின்றுவிட்டால், பெரும்பாலும் பழுதானது கருவி அல்ல. தட்டில் படிந்த உப்புதான் காரணம். போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளில் இது சகஜம்.

தட்டின் அடியில் ஒரு தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கும். தண்ணீர் கொதிக்கும்வரை தட்டின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு சட்டென ஏறும். தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும். வெள்ளைப் படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குள் இறங்காமல் தட்டிலேயே தேங்குகிறது. தட்டு வறண்டுவிட்டதென்று தெர்மோஸ்டாட் ஏமாந்துபோகிறது. ஆறியதும் மீண்டும் இயங்கி, சற்று நேரத்தில் மறுபடி அணைவதே இதன் அடையாளம்.

பிளக்கைக் கழற்றி, ஆறிய தட்டில் வினிகரும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் படிவு நுரைத்துக் கரையும். பிறகு மென்துணியால் துடைக்கலாம். கம்பி நார் தட்டின் பூச்சைக் கெடுக்கும். கருவியைத் தண்ணீரில் முக்கவே கூடாது.

நன்றாக ஆறியும் உயிர் வரவில்லையென்றால் உள்ளேயுள்ள வெப்ப ஃபியூஸ் போயிருக்கலாம். அதே அளவுள்ள புதியதைத்தான் மாற்ற வேண்டும். ஒயரால் இணைத்து ஓட்டினால், தெர்மோஸ்டாட் பழுதாகும்போது தடுக்க எதுவும் இராது.