சராசரி தேறியும் தோற்கும் சாலை

தார் விழுவதற்கு வெகு முன்பே சாலையின் ஆயுள் பாதி முடிவாகிவிடுகிறது. அடியில் இருக்கும் சப்கிரேடு மண் எவ்வளவு இறுகியது என்பதைப் பொறுத்த விஷயம் அது. மத்திய நெடுஞ்சாலை அமைச்சகத்தின் விவரக்குறிப்பு கேட்பது இதுதான்: ஆய்வகத்தில் கனமான சம்மட்டியால் இடித்துப் பெறும் உச்ச உலர் அடர்த்தியில் 97 சதவீதமாவது களத்தில் வர வேண்டும்.

எங்கே, எத்தனை முறை சோதிப்பது? சப்கிரேடில் 500 சதுர மீட்டருக்கு ஒன்று, ஒரு தொகுதிக்குக் குறைந்தது 10. பத்து மீட்டர் அகலச் சாலையில் பத்துச் சோதனைக்கு அரை கிலோமீட்டர். இடங்களைக் குலுக்கல் முறையில்தான் தேர்வு செய்ய வேண்டும். ரோலர் அதிகம் ஓடிய நடுப்பகுதியிலேயே குழி தோண்டினால் எல்லாம் தேறும். சரியாக அழுந்தாத ஓரம் தப்பிவிடும்.

இனி கணக்கு. ஒரே நீளமுள்ள இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பத்துச் சோதனைகள், இரண்டிலும் சராசரி 98.2. முதல் துண்டில் முடிவுகள் 97.5-க்கும் 98.6-க்கும் இடையே நெருங்கி நிற்கின்றன. திட்ட விலக்கம் சுமார் 0.4. இரண்டாவதில் 95.8 முதல் 100 வரை சிதறுகின்றன. விலக்கம் சுமார் 1.5.

விதி சராசரியோடு நிற்பதில்லை. 97-உடன் ஒரு கூடுதலையும் தாண்டச் சொல்கிறது:

(1.65 − 1.65/√n) × திட்ட விலக்கம்

n பத்தாகும்போது அடைப்புக்குள் 1.13 வரும். முதல் துண்டுக்கு வேண்டியது சுமார் 97.5, தேறிவிட்டது. இரண்டாவதுக்கு 98.7, 98.2 போதவில்லை, தொகுதி நிராகரிப்பு. ஒப்பந்ததாரருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் லாரிச் சக்கரம் சராசரி மேல் ஓடுவதில்லை, 95.8 வந்த இடத்தின் மேல்தான் ஓடுகிறது.

சோதனையே தவறுவதும் உண்டு. மணல் மாற்று முறையில் குழியிலிருந்து எடுத்த மண்ணை எடை போட்டு, குழியை நிரப்பிய மணலைக் கொண்டு கொள்ளளவு காண்கிறார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் அதிர்வு ரோலர் ஓடினால் மணல் நெருங்கி அமரும், கூடுதலாக இறங்கும். குழி பெரிதாகத் தெரியும். அடர்த்தி குறைந்து காட்டும். நல்ல வேலையும் அப்போது தோற்கும். ஆகவே, முடிவு கொஞ்சமாகத் தவறியிருந்தால் ரோலரை நிறுத்திவிட்டு மறுபடி பார்ப்பதே முறை.

உண்மையிலேயே இறுகாத இடமென்றால் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல். உருட்டும்போது மண்ணின் ஈரம், உகந்த அளவுக்கு 1 சதவீதம் மேல் முதல் 2 சதவீதம் கீழ் வரையான வரம்புக்குள் இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் கிளறி, நீர் தெளித்து, மீண்டும் உருட்டலாம். நனைந்திருந்தால் கிளறி உலரவிட வேண்டும். அவசரத்தில் இதைத்தான் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். அதன் பிறகும் அடர்த்தி வராவிட்டால், அந்தத் திட்டு மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, ஏற்கப்பட்ட மண்ணைப் போட்டு இறுக்கி, மறுபடி சோதிக்க வேண்டும். அந்த முடிவு வரும்வரை மேலே ஜி.எஸ்.பி. ஜல்லி கொட்ட அனுமதி கிடையாது.